சிறப்பு விருந்தினர் என்ன செய்தார்?

பள்ளி அறிவியல் கண்காட்சியின் அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நான்கு வரிகள் இருக்கும். பட்டங்கள், வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள். விழா நாளன்று ஒருவர் மேடையேறி அந்த நான்கு வரிகளைப் பத்து நிமிடத்துக்கு நீட்டி வாசிப்பார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. உரை முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம், "வந்திருக்கிற ஐயா யாரு?" என்று கேட்டால், "பெரிய விஞ்ஞானி" என்று பதில் வரும். "என்ன செஞ்சாரு?" என்று கேட்டால் முழிக்கும்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அறிமுக உரையின் வேலை. வேறெதுவும் அதற்கு அடுத்துத்தான். ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு உழைத்திருப்பார். அதில் ஒரே ஒரு வேலையை எடுத்து, அதைத் தப்பில்லாமல், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிட்டால் போதும். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்தக் காரியத்துக்குக் குறைந்தது ஒரு வார முன்தயாரிப்பு வேண்டும்.

தயாரிப்பு தொலைபேசியில் தொடங்குகிறது. பெரும்பாலான பள்ளிகளில் விருந்தினரோடு பேசுகிறவர் தலைமை ஆசிரியர். அறிமுக உரை நிகழ்த்துகிறவர் அறிவியல் ஆசிரியரோ பெற்றோர் ஆசிரியர் கழகத்தைச் சேர்ந்த ஒருவரோ ஒன்பதாம் வகுப்பு மாணவியோ. இடையில் கைமாறி வருவது விருந்தினர் அனுப்பிய தன்விவரக் குறிப்பு மட்டும்தான். பல நேரம் அது வேலைக்கோ விருதுக்கோ விண்ணப்பிப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதாக இருக்கும். ஆகவே உரை நிகழ்த்துகிறவரே விருந்தினரோடு பத்து நிமிடம் பேசிவிடுவது நல்லது. முதலில் அவருடைய பெயரையும் ஓய்வுபெறும்போது இருந்த பதவியையும் நிறுவனத்தையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, "ஐயா, உங்கள் வேலையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்வதென்றால் எதைச் சொல்லலாம்?" என்று கேட்க வேண்டும். இதற்கு வரும் பதில்தான் உரையின் உடம்பு. தன்விவரக் குறிப்பில் தேடினால் கிடைக்காத பதில் அது.

கேட்க மறந்துபோகிற இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அவர் அன்று மேடையில் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பது. இதைக் கேட்டுக்கொள்ளாமல், இணையத்தில் கிடைத்த அவருடைய சிறுவயது நிகழ்ச்சியை அறிமுகம் செய்பவர் உருக்கமாகச் சொல்லிவிட்டால், அதே நிகழ்ச்சியோடு பேச்சைத் தொடங்கலாம் என்று வந்தவர் என்ன செய்வார்? விருந்தினரின் நல்ல கதை எதுவோ அது அவருக்கே உரியது. இரண்டாவது, எதைச் சொல்லக்கூடாது என்பது. பாதுகாப்புத் துறை ஆய்வகங்களில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் தம் வேலையின் சில பகுதிகளைப் பொதுவில் பேச முடியாது. வறுமையில் படித்தவர்களில் சிலர் அதைத் தாமே சொல்வார்கள், பிறர் சொல்வதை விரும்ப மாட்டார்கள். கேட்டால் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். மயில்சாமி அண்ணாதுரை ஒரு பள்ளிக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த விஞ்ஞானிகளில் அவர் ஒருவர். பெயர் தெரிந்தவர் என்பதாலேயே அவரை அறிமுகப்படுத்துவதில் பிழைகள் எளிதாக நுழைந்துவிடும்.

அவர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தில் 1958-இல் பிறந்தவர். அரசுப் பள்ளியில் படித்தார். கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டம் பெற்று, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையத்துக்கு 2015-இல் இயக்குநரானார், 2018-இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டுதான் அந்த மையத்துக்கு யு.ஆர். ராவ் பெயர் சூட்டப்பட்டது. இவ்வளவும் பொதுவெளியில் உள்ள தகவல்கள். இவற்றை வைத்துக்கொண்டு மேடையேறுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று.

"சந்திரயான் ராக்கெட்டை ஏவியவர்" என்பார்கள். சந்திரயான்-1 ராக்கெட் இல்லை. அது 1,380 கிலோ எடையுள்ள ஒரு விண்கலம். அதைச் சுமந்து சென்ற ராக்கெட் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் உருவாவது திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், செயற்கைக்கோள்களும் விண்கலங்களும் உருவாவது பெங்களூரில், ஏவுவது ஸ்ரீஹரிகோட்டாவில். இஸ்ரோவில் வேலை பார்த்தவர் என்றதும் எல்லாரையும் ராக்கெட் விஞ்ஞானி ஆக்கிவிடுகிற பழக்கத்தால், ஆயுள் முழுக்கச் செயற்கைக்கோளோடு வாழ்ந்த ஒருவரின் வேலையே மறைந்துபோகிறது.

"மங்கள்யானின் திட்ட இயக்குநர்" என்பார்கள். 2013 நவம்பர் 5-ஆம் தேதி புறப்பட்டு 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த அந்தக் கலத்தின் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். அண்ணாதுரை அதில் வகித்தது, பல திட்டங்களை மேலிருந்து ஒருங்கிணைக்கும் வேறொரு பொறுப்பு. மேடையில் ஒருவருடைய பதவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், விருந்தினர் தம் பேச்சில் அதைத் திருத்த வேண்டியிருக்கும். அல்லது திருத்தாமல் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். இரண்டுமே விருந்துக்கு அழைத்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மூன்றாவது பிழை கவர்ச்சியானது. "நிலாவில் தண்ணீரைக் கண்டுபிடித்தவர்." கைதட்டல் உடனே விழும். ஆனால் நடந்தது இதைவிடச் சுவையானது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நஷ்டம்.

சந்திரயான்-1 கலத்தில் 11 கருவிகள் இருந்தன. ஐந்து இந்தியக் கருவிகள், ஆறு வெளிநாட்டுக் கருவிகள். வெளிநாட்டுக் கருவிகளில் ஒன்று நாசா கொடுத்தது. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லே பீட்டர்ஸ் தலைமையில் உருவானது. நிலாவின் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது நிறம் நிறமாகப் பிரித்து அளந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் ஓர் இடத்தில் ஒளி குறைந்திருந்தது. தண்ணீர் மூலக்கூறும், அதன் உறவான ஹைட்ராக்சிலும் உறிஞ்சிக்கொள்ளும் நிறம் அது. மண்ணின் மேற்பரப்பில் அவை ஒட்டியிருக்கின்றன என்று பீட்டர்ஸ் குழு 2009 செப்டம்பர் 24-ஆம் தேதி அறிவித்தது. வேறு இரண்டு விண்கலங்களின் பதிவுகளும் அதை உறுதிப்படுத்தின. குளமோ ஊற்றோ அங்கே இல்லை. ஒரு டன் மேல்மண்ணைப் பிழிந்தால் அதிகபட்சம் ஒரு லிட்டரை ஒட்டிக் கிடைக்கலாம் என்பதுதான் அப்போதைய மதிப்பீடு. இதில் அண்ணாதுரையின் பங்கு என்ன? அந்தக் கருவியைச் சுமந்த கலத்தைக் கட்டி, நிலாவுக்குக் கொண்டுபோய், 100 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தி நடத்திய குழுவுக்குப் பொறுப்பாக இருந்தது. கருவி செய்தவரும் கலம் செய்தவரும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள், ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

இதே திட்டத்தில் கண்காட்சிப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான இன்னொரு பகுதி இருக்கிறது. அது கலத்துக்கு வந்த கோளாறுகள்.

2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஏவப்பட்ட சந்திரயான்-1, நவம்பர் 8-ஆம் தேதி நிலாவின் சுற்றுப்பாதைக்குள் போனது. சில நாட்களிலேயே கலத்துக்குள் சூடு ஏறத் தொடங்கியது. 50 டிகிரி செல்சியஸ் வரை போனது. மேலே சூரியன் சுட்டது. கீழே, வெயிலில் 100 டிகிரிக்கு மேல் காய்ந்து கிடந்த நிலாவின் தரையும் அனல் வீசியது. கலத்தின் சாய்வை மாற்றியும், சில கருவிகளை அணைத்து வைத்துவிட்டு மற்றவற்றை இயக்கியும் சூட்டைச் சமாளித்தார்கள். அடுத்த ஆண்டு கோடையில், நட்சத்திரங்களைப் பார்த்துக் கலம் தன் திசையை அறிந்துகொள்ள உதவும் உணரிகள் பழுதாயின. சுழல்காட்டிகளை வைத்துத் திசையைக் கணக்கிட்டு ஓட்டினார்கள். மே மாதத்தில் உயரத்தை 200 கிலோமீட்டராக்கினார்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கலம் பேச்சை நிறுத்திக்கொண்டது. இரண்டு ஆண்டு ஓட வேண்டிய கலம் 312 நாட்களோடு நின்றது. தண்ணீர் பற்றிய அறிவிப்பு அதற்கு நான்கு வாரம் கழித்து வந்தது. அதாவது, கலம் உயிரோடு இருந்தபோது அனுப்பிய பதிவுகளில் அந்த விடை ஏற்கெனவே இருந்தது.

கண்காட்சியில் ஏதோ ஒரு மேசையில் காலையிலிருந்து மோட்டார் சுற்றாமல் ஒரு பையன் கண் கலங்கி நின்றுகொண்டிருப்பான். அவன் காதில் விழ வேண்டிய செய்தி இது. தன்விவரக் குறிப்புகளில் கோளாறுகள் இடம்பெறுவதில்லை என்பதால் அறிமுக உரைகளிலும் அவை இடம்பெறுவதில்லை. விருந்தினரின் ஒப்புதலோடு ஒரு வரியாவது சேர்த்துவிடுவது நல்லது.

பெற்றோர்களுக்கும் உரையில் ஓர் இடம் வேண்டும். பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருக்கும் அவர்கள் நிலாமண்ணைக் கேட்டு வியப்பார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி வேறு: இவர் எங்கே படித்தார், எந்தப் படிப்பு எடுத்தார், எப்படி உள்ளே போனார்? அதற்கு ஊர், பள்ளி, சேர்ந்த ஆண்டு என்று ஒரே வாக்கியம் போதும். மீதியை அவர்களே விருந்தினரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

இனி உரையை எழுதலாம். மேடையில் நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கண்காட்சியில் என்னென்ன மேசைகள் இருக்கின்றன என்று முதல் நாளே பார்த்து, விருந்தினரின் வேலையோடு தொடர்புள்ள ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கண்காட்சிகளில் பழைய சி.டி.யை வைத்து ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு மேசை இருக்கும். அது போதும். அண்ணாதுரையை அறிமுகப்படுத்தும் உரை இப்படி அமையலாம்:

"பிள்ளைகளே, 2008-ஆம் ஆண்டு குழந்தைகள் தினம். இரவு மணி எட்டு ஆறு. நிலாவுக்கு 100 கிலோமீட்டர் மேலே இந்தியாவின் விண்கலம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் சந்திரயான். அதன் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி. உங்களில் ஒருவர் எடைதான் இருக்கும், சுமார் 35 கிலோ. பெட்டியின் பக்கங்களில் நம் மூவர்ணக் கொடி. அந்தப் பெட்டி கலத்தை விட்டுப் பிரிந்து விழத் தொடங்கியது. 25 நிமிடம் விழுந்தது. விழும்போதே படம் எடுத்து அனுப்பியது. எட்டு முப்பத்தொன்றுக்கு நிலாவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் மோதியது. மோதுவதற்காகத்தான் அதை அனுப்பினார்கள்.

"அந்தக் கலம் இன்னொரு வேலையும் செய்தது. நிலாமண்ணில் பட்டுத் திரும்புகிற வெயிலை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தது. ஏழாம் வகுப்பு மேசையில் பழைய சி.டி.யை வைத்துச் செய்திருக்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறம் அதில் குறைந்திருந்தது. அதை வைத்துத்தான் நிலாமண்ணில் தண்ணீரின் தடயம் இருக்கிறது என்று தெரிந்தது. அதைப் பார்த்த கருவியைச் செய்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். கருவியை நிலாவுக்குக் கொண்டுபோன கலத்தைச் செய்தவர்கள் நம் விஞ்ஞானிகள். போன இடத்தில் கலத்துக்குச் சூடு ஏறியது, திசை காட்டும் கருவி பழுதானது. அப்படியும் 312 நாள் அதை ஓட்டினார்கள்.

"அந்தத் திட்டத்தின் இயக்குநர் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்து, பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக 2018-இல் ஓய்வுபெற்றவர். ஐயா மயில்சாமி அண்ணாதுரை அவர்கள்."

பெயர் கடைசியில் வருகிறது. அது வரும் இடத்தில் கைதட்டல் தானாக விழும், கேட்டு வாங்க வேண்டியதில்லை. பத்மஸ்ரீ விருது உரையில் இல்லை. அழைப்பிதழில் அது இருக்கிறது, பெற்றோர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். பதவிகளில் இரண்டு மட்டும் இருக்கின்றன: கதைக்குத் தேவையான ஒன்று, ஓய்வுபெற்றபோது இருந்த ஒன்று. "அமெரிக்க விஞ்ஞானிகள்" என்ற வரியை வெட்டிவிட்டால் உரை இன்னும் கம்பீரமாக ஒலிக்கும் என்று யாராவது சொல்லக்கூடும். வெட்டக்கூடாது. கண்காட்சிக்கு வந்த பிள்ளை நாளைக்கு ஒரு புத்தகத்தில் இதைப் படிக்கும்போது, தன் பள்ளி மேடையில் கேட்டது சரியாக இருந்தது என்று காண வேண்டும்.

அந்தப் பெட்டியைச் செய்தது திருவனந்தபுரம் மையம். கலத்தோடு நிலாவில் ஒன்றை இறக்கவும் வேண்டும் என்று அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் யோசனை சொன்னதால்தான் அது திட்டத்தில் சேர்ந்தது. இது நல்ல செய்திதான். இருந்தும் உரையில் சேர்க்கவில்லை. கலாமின் பெயர் வந்த நொடியில் பிள்ளைகளின் மனம் மேடையில் இருப்பவரை விட்டு அவரிடம் போய்விடும். விருந்தினரே அதைச் சொன்னால் அழகு.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள். உரையை விருந்தினருக்கு அனுப்பித் தகவல்களைச் சரிபார்க்கச் சொல்வது முதல் சோதனை. பெரும்பாலும் ஓர் ஆண்டோ ஒரு பதவிப் பெயரோ திருத்தப்பட்டு வரும். அடுத்தது, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து உரையைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இவரு என்ன செஞ்சாரு, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பது. "நிலாவுக்குப் பெட்டி அனுப்பினாரு, அங்க தண்ணி இருக்கான்னு பார்த்தாரு" என்று பதில் வந்தால் உரை வேலை செய்கிறது. "நிலாவுக்குப் போனாரு" என்று வந்தால் எங்கோ ஒரு வாக்கியம் தெளிவாக இல்லை. அதைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் கண் எங்கே ஜன்னல் பக்கம் போகிறதோ, அந்த இடத்தில் ஒரு வரியைக் குறைத்துவிடலாம்.

எல்லாப் பள்ளிக்கும் விண்வெளி விஞ்ஞானி கிடைப்பதில்லை. கிடைக்கிறவர் பெரும்பாலும் அதே ஊரில் வசிக்கும், அக்கம்பக்கத்தாருக்கு "பென்ஷன் வாங்குகிற பெரியவர்" என்று மட்டும் தெரிந்த ஒருவர். வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், கால்நடை நோய்களை ஆராய்ந்தவர், நிலத்தடி நீரை அளந்தவர். இவர்களை அறிமுகப்படுத்துவது கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதுதான் எளிது, ஏனென்றால் இவர்கள் வேலை செய்த பொருளை மேடையிலேயே காட்டிவிடலாம்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பயிர் நோய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் 1912-இல் தொடங்கியது. அங்கே உருவாகும் ரகங்களின் பெயர் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு 'கோ' என்று தொடங்கும். முதலில் வந்த கோ 205, நாணல் வகைக் காட்டுப்புல்லையும் தடித்த கரும்பையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் வெறும் எண்ணாகவே சொல்லுமளவுக்குப் பழகிப்போன ரகம் கோ 86032. அதில் 86 என்பது 1986-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஆனால் அந்த ரகம் விவசாயிக்கு முறையாக வெளியிடப்பட்டது 2000-இல். இடையில் அத்தனை ஆண்டுகள் என்ன நடந்தது என்பதில்தான் விருந்தினரைப் போன்றவர்களின் வாழ்நாள் அடங்கியிருக்கிறது.

விவசாயி கரும்பைக் கரணையாக வெட்டி நடுகிறார். கரணையிலிருந்து வருவது தாய்க்கரும்பின் அச்சு அசல். புது ரகம் வேண்டுமென்றால் கரும்பைப் பூக்கவிட்டு, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்து, தூசி போன்ற விதையை முளைக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் இனிப்பும் விளைச்சலும் உள்ளவற்றைப் பொறுக்கிப் பல ஆண்டுகள் பல ஊர்களில் நட்டுப் பார்ப்பார்கள். அப்போது நோய்ப்பிரிவுக்காரர் வந்து, நன்றாக வளர்ந்து நிற்கும் அந்தக் கரும்பில் துளை போட்டு, செவ்வழுகல் நோயின் பூஞ்சை வித்துக்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு அடைத்துவிடுவார். சுமார் 60 நாள் கழித்துக் கரும்பை நீளவாக்கில் பிளந்து பார்ப்பார். உள்ளே சிவப்பு எத்தனை கணு தாண்டிப் பரவியிருக்கிறது, சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவார். நோய் முற்றிய கரும்பைப் பிளந்தால் புளித்த சாராய வாடை வரும். மதிப்பெண் மோசமாக இருந்தால், எவ்வளவு இனிப்பான கரும்பானாலும் அது வயலுக்குப் போகாது.

இந்த விருந்தினருக்கான அறிமுகத்தை ஒரு முழுக் கரும்போடு மேடையேறிச் செய்யலாம். நீளவாக்கில் பிளந்த துண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இதன் உள்ளே வெள்ளையாக இருக்கிறது, பார்த்தீர்களா? இப்படி வெள்ளையாக இருக்கிறதா, சிவந்துவிட்டதா என்று ஆயிரக்கணக்கான கரும்புகளைப் பிளந்து பார்த்தவர் இவர்" என்று தொடங்கினால், அடுத்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. ஆனால் இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். "கோ 86032-ஐ உருவாக்கியவர்" என்று சொல்லிவிடக் கூடாது. ரகம் என்பது இனப்பெருக்கம் செய்தவர், நோய் பார்த்தவர், பூச்சி பார்த்தவர், சர்க்கரை அளந்தவர், வெவ்வேறு ஊர்களில் நட்டுப் பார்த்தவர் என்று பலர் சேர்ந்து பல ஆண்டுகளில் முடிக்கும் காரியம். விருந்தினர் எந்த ரகங்களில் எந்தப் பகுதியைச் செய்தார் என்று தொலைபேசியில் கேட்டு, அதை மட்டும் சொன்னால் அவருக்கே மகிழ்ச்சியாக இருக்கும்.

உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிகழ்ச்சி நிரல் அதைக் கெடுத்துவிடலாம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள் என்று வரிசைப்படுத்தி, எட்டாவதாக அறிமுகத்தையும் ஒன்பதாவதாக விருந்தினர் உரையையும் வைத்தால், அதற்குள் பிள்ளைகள் ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் மேசையை யாரும் வந்து பார்க்கவில்லையே என்ற தவிப்பு வேறு. சில பள்ளிகள் வரிசையை மாற்றுகின்றன. விருந்தினர் வந்ததும் நேராகக் கண்காட்சிக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு மேசையிலும் நின்று பார்க்கவிட்டு, பிறகு மேடைக்குக் கூட்டிவருகின்றன. அப்படிச் செய்தால் அறிமுகம் பேசுகிறவரும் கூடவே நடக்க வேண்டும். விருந்தினர் எந்த மேசையில் கூடுதல் நேரம் நின்றார், எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டார் என்று பார்த்து, எழுதி வைத்த உரையில் சி.டி. மேசை இருக்கும் இடத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தயாரித்த உரையில் அன்றைய காலையின் ஒரு வரி அப்படித்தான் வந்து சேரும்.

கேள்வி நேரத்துக்கும் அறிமுகம் செய்தவரே பொறுப்பேற்பது வசதி. ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளில் எழுபதைக் கடந்தவர்கள் பலர். ஒலிபெருக்கி இரைச்சலில், தூரத்தில் எழுந்து நின்று கேட்கும் சின்னக் குரல் அவர்கள் காதில் விழாது. தப்பாகக் காதில் வாங்கி வேறு கேள்விக்குப் பதில் சொன்னால், கேட்ட பிள்ளை மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிடும். முதல் நாளே வகுப்புகளில் துண்டுத்தாள் கொடுத்துக் கேள்விகளை எழுதி வாங்கி, ஒரே மாதிரியானவற்றைக் கழித்து, பத்துக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அறிமுகம் செய்தவர் விருந்தினரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுதியவரின் பெயரையும் வகுப்பையும் சொல்லி எழுந்து நிற்க வைத்து, கேள்வியை அவர் காதருகே தெளிவாகச் சொன்னால் போதும். நிலா பற்றிய உரையைக் கேட்ட பிள்ளைகளிடமிருந்து, அந்தப் பெட்டி மோதிய இடத்தில் இப்போது என்ன இருக்கும், நின்றுபோன கலம் இன்னும் அங்கேயே சுற்றுகிறதா என்றெல்லாம் கேள்விகள் வரும். இரண்டாவது கேள்விக்கு விடை உண்டு: பேச்சை நிறுத்திய சந்திரயான்-1 இன்னும் நிலாவைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்று நாசாவின் ரேடார் பார்த்துச் சொன்னதாக 2017 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்த விடையை விருந்தினர் சொல்லட்டும்.